கோடு 14 கையில் இருக்கிறது, பிரிட்டனில் லாரி ஓட்ட அது மாறுமா?

ஃபீனிக்ஸ் செல்வி | 2025 ஆகஸ்ட் 6

என் தம்பி டர்பன் துறைமுகத்திலிருந்து ஜோஹானஸ்பர்க்குக் கன்டெய்னர் இழுக்கிறான். வயது 38. தென்னாப்பிரிக்கக் கோடு 14, அதாவது டிரெய்லர் லாரிக்கான ஈசி, மேனுவல். தொழில்முறை டிரைவருக்கான அனுமதி, அதாவது பி.ஆர்.டி.பி., சரக்குப் பிரிவு, நவம்பரில் முடிகிறது. அவன் மனைவிக்கு லீட்ஸில் நர்ஸ் வேலை கிடைத்து விசாவும் வந்துவிட்டது. இவன் அவளோடு துணைவர் விசாவில் போகிறான். இங்கே ஒரு ஏஜென்ட், "கோடு 14-ஐ அப்படியே பிரிட்டன் ஹெவி லைசென்ஸாக மாற்றித் தருகிறேன், இறங்கிய மறுவாரமே வண்டி எடுக்கலாம்" என்று முன்பணம் கேட்கிறார். உண்மையா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

பழைய கோடு | ஆகஸ்ட் 6

மாறும். தென்னாப்பிரிக்க லைசென்ஸை மாற்றிக் கொடுக்கும் நாடுகளின் பட்டியல் பிரிட்டனிடம் இருக்கிறது, அதில் நம் பெயரும் உண்டு. எழுத்துகளும் ஒன்றேதான். இங்கே சி1 என்றால் அங்கேயும் சி1, இங்கே ஈசி என்றால் அங்கே சிஈ. திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஏஜென்ட் பணம் கேட்பது வேறு விஷயம். நீங்களே விண்ணப்பித்துக்கொள்ளலாம்.

வான் ரீனன் | ஆகஸ்ட் 7

பட்டியலில் நம் பெயர் இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பட்டியல் காருக்கும் பைக்குக்கும்தான். பிரிட்டனில் குடியேறிய ஒருவர் தென்னாப்பிரிக்க அட்டையை வைத்து 12 மாதம் கார் ஓட்டலாம். குடியேறி 5 ஆண்டுக்குள் டெஸ்ட் இல்லாமல் அதைப் பிரிட்டிஷ் கார் லைசென்ஸாக மாற்றிக்கொள்ளலாம். லாரிக்கு இந்த இரண்டுமே கிடையாது. அட்டையில் ஈசி என்று அச்சிட்டிருந்தாலும், அங்கே குடியிருப்பவர் அதை வைத்து அந்த நாட்டு லாரியை ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. மாற்றும்போது அந்த ஈசி அப்படியே உதிர்ந்துவிடும், காருக்கான பி மட்டும் மிஞ்சும்.

எழுத்து ஒன்றாக இருப்பதை நம்பி நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். இங்கே சி1, அதாவது கோடு 10, 3,500 கிலோவிலிருந்து 16,000 கிலோ வரை. பிரிட்டனில் சி1 என்பது 7,500 கிலோவோடு முடிந்துவிடும். அதற்கு மேலே உள்ள எல்லாம் அங்கே சி. கோடு 10 வைத்துக்கொண்டு 14 டன் வண்டி ஓட்டிப் பழகியவர் "என்னிடம் சி1 இருக்கிறது" என்று அங்குள்ள கம்பெனியில் சொன்னால், அவர்கள் பெட்டி வைத்த சின்ன வேனைத்தான் நினைத்துக்கொள்வார்கள்.

பி.ஆர்.டி.பி. பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அதற்கு இணையான அட்டை அங்கே இல்லை, ஆகவே மாற்றுவதற்கும் ஒன்றுமில்லை. அந்த இடத்தில் அங்கே டிரைவர் சி.பி.சி. என்ற தகுதி இருக்கிறது. அது புதிதாகத் தேர்வு எழுதி வாங்க வேண்டியது.

ஆக ஏஜென்ட் சொல்வது நடக்காத காரியம். பணம் கட்டாதீர்கள்.

நெல்லை ராஜா | ஆகஸ்ட் 7

வணக்கம். நான் டர்பனில் இருக்கிறேன், வேலை விசா. என்னிடம் இந்தியா ஹெவி லைசென்ஸ், பேட்ஜோடு இருக்கிறது. இதை இங்கே கோடு 14 ஆக மாற்ற எவ்வளவு நாள் ஆகும்? அதன் பிறகு நானும் லீட்ஸ் போகலாமா?

வான் ரீனன் | ஆகஸ்ட் 7

ராஜா தம்பி, செல்வி கேட்டது இங்கிருந்து வெளியே போகும் வழி. உங்களுடையது உள்ளே வரும் வழி. தற்காலிக விசாவில் இருக்கும் வரை ஆங்கிலத்தில் அச்சான இந்திய லைசென்ஸ் இங்கே செல்லும். மாற்றும் பேச்சு நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி கிடைத்த பிறகுதான், அப்போது ஒரு வருட அவகாசம் தருவார்கள். ஆனால் 3,500 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு பி.ஆர்.டி.பி. வேண்டும், பேட்ஜ் அதற்கு ஈடாகாது. இன்னொன்று, இந்திய டிரான்ஸ்போர்ட் பிரிவின் தேதியை எடுத்துப் பாருங்கள். காருக்கு நீண்ட நாள் இருக்கும், டிரான்ஸ்போர்ட்டுக்குத் தனித் தேதி. பழைய அட்டையில் 3 வருடம், 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிந்தியதில் 5 வருடம். கார் தேதியைப் பார்த்துவிட்டு லாரியும் செல்லும் என்று நினைத்திருப்பவர்கள் ஏராளம். தனி இழை போடுங்கள், அங்கே பேசலாம்.

லீட்ஸ் லோகு | ஆகஸ்ட் 8

வான் ரீனன் அண்ணன் சொன்னது சரி. நானும் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்தவன்தான்.

விசா பற்றி ஒரு வார்த்தை. லாரி டிரைவர் வேலைக்கு ஸ்கில்ட் வொர்க்கர் விசா கிடையாது. 2021 கடைசியில் ஆள் தட்டுப்பாடு வந்தபோது சில மாதங்களுக்குத் தற்காலிக விசா கொடுத்தார்கள். அது முடிந்துபோன கதை. "லாரி டிரைவருக்கு ஸ்பான்சர்ஷிப்" என்று இப்போது யார் விளம்பரம் போட்டாலும் ஏமாற்று. செல்வி அக்கா தம்பி நர்ஸின் துணைவராக வருவதால் அவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. எந்த வேலையும் பார்க்கலாம்.

பழைய கோடு | ஆகஸ்ட் 8

அப்படியானால் அயர்லாந்து? அயர்லாந்துக் கம்பெனிகள் இங்கே வந்து கோடு 14 ஆட்களை எடுத்துக்கொண்டு போகிறார்கள். என் தெருவிலேயே இரண்டு பேர். அங்கே மாற்றுகிறார்கள்தானே?

வான் ரீனன் | ஆகஸ்ட் 8

அயர்லாந்து தனி நாடு, தனிச் சட்டம். தென்னாப்பிரிக்க லைசென்ஸை மாற்றிக் கொடுக்கும் நாடுகளில் அதுவும் ஒன்று. அங்கிருந்து இங்கே ஆள் தேடி வருவதற்குக் காரணமே அதுதான். ஆனால் அங்கும் நேராக ஸ்டியரிங் பிடிக்க விடமாட்டார்கள். வேலை அனுமதி, இங்கிருந்து லைசென்ஸ் உறுதிக் கடிதம், அந்த ஊர் மருத்துவ அறிக்கை, சி.பி.சி. எல்லாம் வேண்டும். செல்வியின் தம்பிக்கு மனைவியின் வேலை லீட்ஸில். டப்ளின் லைசென்ஸை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

பழைய கோடு | ஆகஸ்ட் 8

முதலில் அயர்லாந்தில் மாற்றிக்கொண்டு, பிறகு அதைப் பிரிட்டனில் மாற்றலாம். ஐரோப்பிய லைசென்ஸ் ஆகிவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

வான் ரீனன் | ஆகஸ்ட் 9

அட்டையே சொல்லிவிடும். வெளிநாட்டு லைசென்ஸைக் கொடுத்து வாங்கிய ஐரோப்பிய அட்டையின் பின்பக்கத்தில் 70 என்ற எண்ணைப் போட்டு, எந்த நாட்டிலிருந்து மாற்றியது என்பதையும் அச்சிடுவார்கள். நமக்கு ZA என்று வரும். அதைப் பார்த்ததும் மூல டெஸ்ட் எங்கே நடந்தது என்று தெரிந்துவிடும்.

கண்ணாடிக்கடை | ஆகஸ்ட் 9

நான் கண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். லைசென்ஸ் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, கண்ணைப் பற்றி ஒரு கேள்வி. செல்வி, உங்கள் தம்பியின் பார்வை எவ்வளவு? கடைசியாக பி.ஆர்.டி.பி.க்கு எழுதிய மருத்துவத் தாளில் எண் இருக்கும்.

ஃபீனிக்ஸ் செல்வி | ஆகஸ்ட் 10

ஏஜென்டுக்குப் பணம் கட்டவில்லை. எல்லாருக்கும் நன்றி.

தாளைப் பார்த்தேன். கண்ணாடியோடு வலது 6/9, இடது 6/9. பாஸ் என்று போட்டிருக்கிறது. அவனுக்குச் சர்க்கரை உண்டு, மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறான். ஊசி இல்லை.

கண்ணாடிக்கடை | ஆகஸ்ட் 10

நான் பயந்தது சரியாகப் போயிற்று. இந்த 6/9, 6/9 என்ற தாளோடு பிரிட்டனில் போய் நின்றால் ஃபெயில்.

இங்கே ஹெவி வண்டிக்குச் சட்டம் கேட்பது ஒவ்வொரு கண்ணிலும் 6/9. கண்ணாடி போட்டுக்கொண்டாலும் பரவாயில்லை, ஆனால் இரண்டு கண்ணும் தனித்தனியாக அந்த வரியைப் படிக்க வேண்டும். பிரிட்டனும் ஐரோப்பாவும் வேறு மாதிரி கேட்கின்றன. நல்ல கண் 6/7.5 வர வேண்டும், பலவீனமான கண் 6/60 வந்தாலே போதும். அதாவது நல்ல கண்ணுக்கு அவர்கள் நம்மைவிடக் கண்டிப்பு, மோசமான கண்ணுக்கு மிகவும் தாராளம். இரண்டு கண்ணும் 6/9 உள்ளவர் இங்கே பாஸ், அங்கே ஃபெயில். ஒரு கண் 6/6, மற்றது 6/36 என்றால் இங்கே ஃபெயில், அங்கே பாஸ்.

ஆனால் உடனே கலங்க வேண்டாம். லைசென்ஸ் நிலையத்தில் பார்ப்பது அந்த எல்லையைத் தாண்டுகிறாரா என்பதைத்தான். 6/9 வரியைப் படித்துவிட்டால் அதோடு நிறுத்திவிட்டு 6/9 என்று எழுதுவார்கள், அடுத்த வரியைப் படிக்கச் சொல்வதில்லை. அவர் கண் உண்மையில் 6/6 ஆகவும் இருக்கலாம். கண் மருத்துவரிடமோ ஆப்டோமெட்ரிஸ்டிடமோ போய், "எந்த வரியில் நின்றுபோகிறேன், அதை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள். கண்ணாடி பழையதாக இருந்தால் புதிதாகப் போட்டபிறகு பார்க்க வேண்டும்.

சர்க்கரை இருப்பதால் இன்னொன்று. இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும்போது கண்ணின் லென்ஸ் மாறி, பவரே நகர்ந்துவிடும். அன்று எழுதிய கண்ணாடி, சர்க்கரை இறங்கியதும் பொருந்தாது. மாத்திரை ஒழுங்காகி சில வாரம் நிலையாக இருந்த பிறகே பரிசோதனைக்குப் போகட்டும்.

பழைய கோடு | ஆகஸ்ட் 10

நிறக்குருடு இருந்தாலும் பிரிட்டனில் லாரி ஓட்ட விடமாட்டார்கள், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிக்னல் தெரிய வேண்டுமே.

கண்ணாடிக்கடை | ஆகஸ்ட் 10

இல்லை அண்ணே, நிறக்குருடு அங்கே லாரிக்குத் தடையில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. சிக்னலில் சிவப்பு மேலேதான் இருக்கும்.

லீட்ஸ் லோகு | ஆகஸ்ட் 11

மருத்துவம் பற்றி. டர்பன் டாக்டரிடம் எதையும் நிரப்பிக்கொண்டு வர வேண்டாம். இங்கே டி4 என்று ஒரு படிவம். பிரிட்டனில் பதிவுபெற்ற டாக்டர் அதை நிரப்ப வேண்டும், கண் பகுதியை ஆப்டோமெட்ரிஸ்ட் நிரப்பலாம். கையெழுத்திட்ட 4 மாதத்துக்குள் லைசென்ஸ் கொடுக்கும் அரசு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வுக்குப் போய்ச் சேர வேண்டும். டாக்டர் எண்ணை விட்டுவிட்டு வெறுமனே டிக் மட்டும் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதை லாரி விண்ணப்பத்தில் சொல்லியே ஆக வேண்டும், மெட்ஃபார்மின் ஆனாலும். மறைத்தால் பிறகு பெரிய சிக்கல். மெட்ஃபார்மினோடு நின்றுவிட்டால் சிக்கல் இல்லாமல் கொடுப்பார்கள். இன்சுலின் ஆகிவிட்டால் மீட்டர் நினைவகத்தில் உள்ள அளவுகளைக் காட்டச் சொல்வார்கள். வண்டி எடுப்பதற்கு முன் 2 மணி நேரத்துக்குள் ஒரு தடவை, ஓடும்போது 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை குத்திப் பார்க்கச் சொல்வார்கள். தடையில்லை, ஆனால் வேலைதான்.

ஃபீனிக்ஸ் செல்வி | ஆகஸ்ட் 12

சரி. அப்படியானால் போவதற்கு முன் இங்கே என்னென்ன முடிக்க வேண்டும், போனபிறகு என்ன வரிசை? யாராவது வரிசைப்படி சொல்லுங்கள்.

வான் ரீனன் | ஆகஸ்ட் 13

இங்கே முடிக்க வேண்டியவை மூன்று.

முதலில் அட்டை. பிளாஸ்டிக் அட்டை காலாவதியாகாமல் கையில் இருக்க வேண்டும். இங்கே லைசென்ஸ் தகுதி சாகும்வரை இருக்கிறது, அட்டைக்கு மட்டும் 5 வருடம் என்று நாம் நினைத்துக்கொள்வோம். வெளிநாட்டில் அட்டையில் உள்ள தேதியைத்தான் பார்ப்பார்கள். புதுப்பிக்கும்போது தரும் 6 மாதத் தற்காலிகத் தாளை நம்பி விமானம் ஏற வேண்டாம். இந்த வருடம் பிப்ரவரியில் நாட்டுக்கே ஒன்றாக இருந்த அட்டை இயந்திரம் நின்றுபோய்ப் பல லட்சம் அட்டைகள் தேங்கின. கையில் வரும் நாள் யாருக்கும் தெரியாது, முன்கூட்டியே விண்ணப்பிக்கட்டும்.

அட்டையில் வண்டிக் கட்டுப்பாடு என்ற இடத்தில் 0 இருக்கிறதா பாருங்கள். 1 என்றால் ஆட்டோமேட்டிக் மட்டும். இது ஏன் முக்கியம் என்றால், அங்கே கார் லைசென்ஸ் மேனுவலாகக் கிடைத்துவிட்டால் லாரி டெஸ்டை ஆட்டோமேட்டிக் வண்டியில் கொடுத்தாலும் மேனுவல் லாரியும் ஓட்டலாம். இப்போது பயிற்சி லாரிகள் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக்.

இரண்டாவது, பெயர். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தும் அட்டையில் உள்ள எழுத்தும் ஒன்றா? நம் குடும்பங்களில் ஒரே ஆளுக்கு அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டு, லைசென்ஸில் வேறு எழுத்துக்கூட்டு இருப்பது சகஜம். பெயர்கள் நீளமாக இருந்தால் லைசென்ஸில் முதலெழுத்து மட்டும் வரும், அது பரவாயில்லை. குடும்பப் பெயர் மாறியிருந்தால்தான் விளக்கம் கேட்பார்கள். அதை இங்கிருக்கும்போதே சரிசெய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, காகிதம். மாற்றும்போது அட்டையை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள், திரும்பக் கிடைக்காது. இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்து, லைசென்ஸ் விவரத்தை உறுதிசெய்யும் கடிதமும் வாங்கி வையுங்கள். அதோடு கம்பெனித் தாளில் ஒரு அனுபவக் கடிதம்: எந்த வண்டி, எத்தனை வருடம், எந்தப் பாதை, விபத்து உண்டா இல்லையா. லைசென்ஸுக்கு அது உதவாது. வேலை கொடுப்பவரின் காப்பீட்டுக் கம்பெனிக்கு உதவும்.

அங்கே வரிசையை லோகு சொல்வார்.

லீட்ஸ் லோகு | ஆகஸ்ட் 14

முதலில் டி1 படிவம், 43 பவுண்டு, கார் லைசென்ஸ் மாற்றம். அது வந்ததும் டி2 படிவமும் டி4 மருத்துவமும் சேர்த்து அனுப்பினால் லாரிக்குப் பழகுநர் உரிமை வரும். அதற்குக் கட்டணம் இல்லை.

பிறகு தேர்வுகள். கேள்வித்தாள் 100-க்கு 85. வீடியோவில் ஆபத்தைக் கவனிக்கும் தேர்வு 100-க்கு 67. சி.பி.சி.யின் சம்பவக் கேள்விகள் 50-க்கு 40. அதன் பிறகு ஓட்டும் டெஸ்ட் இரண்டு துண்டு: மைதானத்தில் ரிவர்ஸ், சாலையில் ஓட்டம். கடைசியாக மாட்யூல் 4, வண்டியைக் காட்டி வாய்மொழியாக விளக்குவது. 2021 நவம்பரிலிருந்து டிரெய்லர் வண்டிக்கு நேரடியாகவே டெஸ்ட் கொடுக்கலாம், முதலில் சி எடுக்கத் தேவையில்லை.

ஃபீனிக்ஸ் செல்வி | ஆகஸ்ட் 14

ஓட்டுவதில் அவனுக்கு என்ன பயம்? தினமும் இரண்டு டிரெய்லர் கோத்த இன்டர்லிங்க் ஓட்டுகிறவன்.

லீட்ஸ் லோகு | ஆகஸ்ட் 15

அக்கா, பயம் அங்கேதான்.

வான் ரீனன் | ஆகஸ்ட் 16

லோகு சொல்ல வந்ததை விரிக்கிறேன், பழகினவர்கள்தான் இங்கே அடி வாங்குகிறார்கள்.

இன்டர்லிங்க் 22 மீட்டர், 56 டன், இரண்டு இடத்தில் மடியும். பிரிட்டனில் டிரெய்லர் வண்டி 16.5 மீட்டர், 44 டன், ஒரே இடத்தில் மடியும். ரிவர்ஸ் அங்கே சுலபம்தான். ஆனால் ஒற்றை டிரெய்லர் ஸ்டியரிங்குக்கு உடனே திரும்பிவிடும். இன்டர்லிங்க் கைப்பழக்கத்தில் ஸ்டியரிங்கை அதிகமாகச் சுழற்றினால் டிரெய்லர் அளவுக்கு மேல் மடிந்துவிடும். கொஞ்சம் திருப்பி, காத்திருந்து, பின் தொடர வேண்டும்.

அடுத்தது கே53, அதாவது நம் ஊர் டிரைவிங் டெஸ்ட் முறைப் பழக்கம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கையால் பிரேக் இழுப்பது இங்கே மதிப்பெண். அங்கே எக்ஸாமினர் அதை எதிர்பார்ப்பதில்லை, வண்டி வரிசை நகரும்போது தாமதமாகக் கிளம்பினால் அதையும் குறித்துக்கொள்வார். சாலை டெஸ்டில் சின்னப் பிழை 15 வரை விடுவார்கள், பெரிய பிழை ஒன்றே ஃபெயில்.

உண்மையில் உயிர் போகிற இடம் டிரெய்லரைக் கழற்றி மாட்டும் பகுதி. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

கழற்றும்போது முதலில் ஹார்ஸின், அதாவது இழுக்கும் முன்வண்டியின் பார்க்கிங் பிரேக், அடுத்து டிரெய்லரின் சொந்த பார்க்கிங் பிரேக். டிரெய்லரின் பக்கவாட்டில் சிவப்புக் குமிழ், வெளியே இழுத்தால் பிரேக் பிடிக்கும். பிறகு டிரெய்லரைத் தாங்கும் கால்களை இறக்கி, ஏர் பைப்பும் மின் இணைப்பும் கழற்றி, டிரெய்லரைப் பூட்டும் தட்டான ஃபிப்த் வீலின் பாதுகாப்புக் கொக்கியை எடுத்து, கைப்பிடியை இழுத்து, நம்பர் பலகையைக் கழற்றி, பிறகே முன்னே போக வேண்டும். நம்பர் பலகை நம்மவர்களுக்குப் புதிது. இங்கே டிரெய்லருக்குத் தனிப் பதிவு, தனிப் பலகை. அங்கே இழுக்கும் வண்டியின் எண்தான் டிரெய்லரின் பின்னால் தொங்கும். கழற்றும்போது எடுக்கவும், மாட்டும்போது வைக்கவும் மறக்கிறார்கள்.

மாட்டும்போது எக்ஸாமினர் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது ஒன்றைத்தான்: இணைக்கப் போகும் முன் டிரெய்லரின் சிவப்புக் குமிழ் வெளியே இருக்கிறதா என்று நீங்கள் போய்ப் பார்த்தீர்களா? காரணம் இது. சிவப்பு ஏர் பைப் கழன்றிருக்கும்போது டிரெய்லர் தானாகவே அவசரப் பிரேக்கில் நிற்கும். அதைப் பார்த்து "பிரேக் பிடித்திருக்கிறது" என்று நினைத்துவிடுகிறோம். பைப்பை மாட்டியதும் காற்று பாய்ந்து அந்த அவசரப் பிரேக் விட்டுவிடும். டிரெய்லரின் பார்க்கிங் பிரேக் போடப்படாமல், ஹார்ஸின் பிரேக்கும் போடாமல் இறங்கியிருந்தால், வண்டி மொத்தமும் உருளும். அந்த நேரத்தில் டிரைவர் கேபினுக்கும் டிரெய்லருக்கும் நடுவே நின்றுகொண்டிருப்பார். அவர் ஓடிப்போய் ஏறி நிறுத்த முடியாது.

ஆக மாட்டும் வரிசை: குமிழைப் பார், மெதுவாகப் பின்னால் போ, பூட்டியதும் முன்னே இழுத்துப் பார், ஹார்ஸ் பிரேக்கைப் போட்டு இன்ஜினை அணைத்து இறங்கு, கொக்கி, பைப், மின்சாரம், கால், பலகை. கடைசியாகத்தான் டிரெய்லர் பிரேக்கை விட வேண்டும். இங்கே பல யார்டில் இதைத் தலைகீழாகச் செய்து பழகியிருப்பார்கள்.

பழைய கோடு | ஆகஸ்ட் 16

கால்களைப் பைப்புக்கு முன்பே தூக்கிவிட்டால் என்ன? நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

வான் ரீனன் | ஆகஸ்ட் 17

டிரெய்லரின் கிங்பின் முளை ஃபிப்த் வீலில் சரியாகப் பூட்டவில்லை என்றால் கால்தான் டிரெய்லரைத் தாங்கும். அதைத் தூக்கிவிட்டு இழுத்துப் பார்த்தால் மூக்கு தரையில் இறங்கும். இழுத்துப் பார்த்து, கொக்கியையும் கண்ணால் பார்த்த பிறகுதான் கால்.

லீட்ஸ் லோகு | ஆகஸ்ட் 19

சம்பவக் கேள்விகளில் நம்மவர் விழுவது நேரக் கணக்கில். இங்கே ஓட்டும் நேரத்தைப் பதியும் டேகோகிராஃப் கருவியில் அட்டை போட்டுத்தான் வண்டி எடுக்க வேண்டும். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு. பிரித்து எடுப்பதானால் முதலில் 15, பிறகு 30. மாற்றி 30, 15 என்று எடுத்தால் செல்லாது. நாளுக்கு 9 மணி நேர ஓட்டம், வாரத்தில் இரண்டு நாள் 10.

டர்பன் கணக்கில் சொன்னால், ஜோஹானஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையில் ஹாரிஸ்மித் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டி முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். ஜோஹானஸ்பர்க் வரை ஒரே மூச்சில் போன பழக்கம் இங்கே அபராதம்.

நெல்லை ராஜா | ஆகஸ்ட் 19

எண்ணெய் டேங்கர் ஓட்டுபவர்களுக்கும் இதே வழிதானா? என் நண்பனுக்குக் கேட்கிறேன்.

வான் ரீனன் | ஆகஸ்ட் 20

இதே வழி, அதன் மேல் அபாயப் பொருள் ஏற்றுவதற்கான ஏ.டி.ஆர். பயிற்சியும் தேர்வும். 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இங்குள்ள பி.ஆர்.டி.பி. அபாயப் பொருள் பிரிவு அதற்குக் கணக்கில் வராது.

ஃபீனிக்ஸ் செல்வி | அக்டோபர் 4

சர்க்கரை ஒரு மாதமாக நிலையாக இருக்கிறது. போன வாரம் ஆப்டோமெட்ரிஸ்டிடம் அழைத்துப்போனோம். புதுக் கண்ணாடியோடு வலது 6/6. இடது 6/12-க்கு மேல் வரவில்லை. லென்ஸில் புரை தொடங்கியிருக்கிறது என்றார். வலது +2.5, இடது +2 பவர். பக்கப் பார்வை நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்.

கண்ணாடிக்கடை | அக்டோபர் 4

பிரிட்டன் கணக்கில் பாஸ். நல்ல கண் 6/7.5-ஐத் தாண்டிவிட்டது, மற்றது 6/60-ஐவிட மிக மேல். பவர் +8-க்குள் இருக்கிறது. பக்கப் பார்வை மொத்தம் 160 டிகிரி வருகிறதா என்பதை மட்டும் அங்கே மறுபடி அளப்பார்கள்.

ஆனால் இங்கே அவர் இப்போது ஹெவி வண்டிக்குத் தகுதியில்லை. இடது 6/9 வரவில்லை. அவர் இன்னும் என்3-ல் ஓட்டிக்கொண்டிருக்கிறாரா?

ஃபீனிக்ஸ் செல்வி | அக்டோபர் 4

ஓட்டுகிறான். டிசம்பர் 10-க்கு டிக்கெட்.

பழைய கோடு | அக்டோபர் 5

இரண்டு மாதம்தானே. யாரிடமும் சொல்லாமல் ஓட்டட்டும். பி.ஆர்.டி.பி. நவம்பர் வரை செல்லும்.

கண்ணாடிக்கடை | அக்டோபர் 5

தாளில் எழுதியாகிவிட்டது அண்ணே. தெரிந்த பின் ஓட்டி ஏதாவது ஆகிவிட்டால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்கும் தாள் அதுதான். கம்பெனியிடம் சொல்லி யார்டு வேலைக்கோ சின்ன வண்டிக்கோ மாறச் சொல்லுங்கள். காருக்கு இங்கே ஒவ்வொரு கண்ணிலும் 6/12 போதும், அதனால் கார் ஓட்டத் தடையில்லை. புரை அறுவை செய்தால் இடது கண்ணும் 6/9 வரலாம், அதைக் கண் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வான் ரீனன் | அக்டோபர் 6

கண்ணாடிக்கடை சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். பி.ஆர்.டி.பி.யை நவம்பரில் புதுப்பிக்கவும் போக வேண்டாம். இந்தக் கண்ணோடு மருத்துவத் தாள் வராது, பிரிட்டனுக்கு அது தேவையும் இல்லை. திரும்பி வந்தால் அப்போது புதிதாக எடுத்துக்கொள்ளலாம்.

அறுவையை இங்கே முடித்துக்கொண்டு போவதா, அங்கே போய்ச் செய்வதா என்பதில் எனக்கு இரண்டு மனம். இங்கே செய்தால் டி4 நிரப்பும்போது ஆறிய கண்ணாக இருக்கும். ஆனால் டிசம்பருக்குள் பவர் நிலைபெறுமா? நிலைபெறாத கண்ணோடு போய் அளந்தால் மறுபடி கண்ணாடி, மறுபடி படிவம்.

லீட்ஸ் லோகு | அக்டோபர் 7

இங்கே காத்திருப்புப் பட்டியல் நீளம். அவசரமில்லாத புரை என்றால் மாதக்கணக்கில். ஆனால் அவருக்கு வலது கண் 6/6 இருப்பதால் லைசென்ஸுக்கு அறுவையே தேவையில்லையே?

கண்ணாடிக்கடை | அக்டோபர் 7

லைசென்ஸுக்குத் தேவையில்லை. இரவில் எதிர்வண்டி வெளிச்சம் சிதறுகிறதா என்று தம்பியிடம் கேளுங்கள். குளிர்காலத்தில் லீட்ஸில் நாலு மணிக்கே இருட்டிவிடும்.

ஃபீனிக்ஸ் செல்வி | அக்டோபர் 9

கேட்டேன். சிதறுகிறதாம், என்3-ல் வான் ரீனன் கணவாய் இறக்கத்தில் அதிகமாம். கம்பெனியில் சொல்லிவிட்டான், திங்கள் முதல் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் பக்கம். கண் டாக்டரிடம் 21-ஆம் தேதி நேரம் கிடைத்திருக்கிறது. அட்டை 2027 வரை, வண்டிக் கட்டுப்பாடு 0. குடும்பப் பெயரில் ஒரு எழுத்து வித்தியாசம் இருக்கிறது, அதற்கு நாளை ரோஸ்பர்க் லைசென்ஸ் நிலையத்துக்குப் போகிறோம். என்ன படிவம் கேட்பார்கள்?

வான் ரீனன் | அக்டோபர் 9

விவர மாற்றப் படிவம், என்.சி.பி. என்று கேளுங்கள். அடையாள அட்டை மூலமும் நகலும், முகவரிச் சான்று, புகைப்படம். புது அட்டை அச்சாக நாளாகும், அதுவரை பழைய அட்டையைக் கொடுத்துவிடாதீர்கள் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.